பெயர் பதியும் பிள்ளைக்கு எந்தக் கீபோர்ட்?

போன கிழமை எமது ஊர் வட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தை நிறையப் பேர் வாசித்திருப்பீர்கள். ஜமாஅத் குடும்பப் பதிவேட்டைக் கம்பியூட்டரில் ஏற்றுவதற்கு ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்திருக்கிறோம். அவர்களுக்கு டைப்ரைட்டர் முறைக் கீபோர்டைப் படிப்பிக்கிறோம் என்றதும் ஒரு நானா கேட்டார், "சேர், இந்தக் காலத்திலும் யளனகவா? போனில் ammaa என்று அடித்தால் அம்மா வருது. ஒரு நாளில் படிக்கிறதை விட்டுட்டு ஏன் பிள்ளைகளை ஒன்றரை மாசம் இழுத்தடிக்கிறீங்க?"

கேள்வி நியாயமானது. வட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொல்லப் போய் அது சண்டை மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பிள்ளைகளுக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசியிருக்கிறது. ஒரு நாளில் எத்தனை படிவம் ஏறுகிறது என்பது அவர்கள் கையில் வரும் காசு. பிழை போனால் அது பதிவில் உள்ள குடும்பத்தின் தலையில் விழும். எனவே இது ருசிக்கு ஏற்றபடி பேசிவிட்டுப் போகும் விஷயமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாமும் ஒலிப்பு முறையில்தான் எழுதுகிறோம். இந்தப் பதிவும் அப்படி எழுதியதுதான். வாப்பா என்று நினைத்தால் விரல் vaappaa என்று போகிறது, எழுத்து தமிழில் வருகிறது. நமது மனதில் இருப்பதை நாமே எழுதும்போது இதைவிட வசதி வேறில்லை. ஆசிரியர்கள், கடிதம் எழுதுபவர்கள், முகநூலில் சண்டை பிடிப்பவர்கள் எல்லோருக்கும் இது போதும்.

ஆனால் தரவு பதியும் பிள்ளையின் வேலை எழுதுவது அல்ல, பார்த்து எழுதுவது. மேசையில் இடது பக்கம் படிவம். அதில் குடும்பத் தலைவரின் பெயர், மனைவி, பிள்ளைகள், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தொழில், ஒழுங்கை. அவளுடைய கண் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கை தன்பாட்டில் அடிக்க வேண்டும். திரையை வரி முடிவில் ஒரு தடவை பார்த்தால் போதும். பழைய கச்சேரிகளில் டைப் அடித்தவர்களைக் கண்டவர்களுக்குத் தெரியும், அவர்கள் மெஷினைப் பார்ப்பதே இல்லை. வேகம் விரல் ஓடுவதில் கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் கண் எத்தனை தடவை தாளை விட்டு எழும்புகிறது, திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறது என்பதில் இருக்கிறது.

போனிலும் கூகுளிலும் நாம் பாவிக்கும் ஒலிப்பு முறை இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. அது ஊகிக்கும் முறை. mohamed என்று அடித்தால் கீழே நாலைந்து சொல் வரும், ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்யக் கண் திரைக்குப் போக வேண்டும். ஒரு குடும்பப் படிவத்தில் ஆறு பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்த் துண்டு. பதினைந்து தடவை கண் போய்த் திரும்புகிறது. நாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். வேகமாக அடிக்கிறாள் என்று நினைத்த பிள்ளை, பாதி நேரம் தாளில் வரியைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஊகிக்கும் மென்பொருள் அதிகம் பேர் எழுதும் எழுத்துக்கூட்டலைத்தான் முன்னுக்குக் காட்டும். எமது பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் எங்கே இருக்கிறது? முகம்மது, முஹம்மது, முஹம்மத், முஹம்மட், மொஹமட். பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா. எது சரி என்பது இங்கே கேள்வியே இல்லை. பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் எது இருக்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் பெயர். பதிபவள் அதை எழுத்துக்கு எழுத்து ஏற்ற வேண்டும். மென்பொருள் அழகான முஹம்மதை நீட்டும்போது, களைத்துப் போன பிள்ளை பின்னேரம் மூன்று மணிக்கு அதை ஏற்றுக்கொள்வாள். தாளில் முகம்மது, கம்பியூட்டரில் முஹம்மது. சில வருடம் கழித்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பாடசாலை இடாப்பு ஒன்று சொல்கிறது, அத்தாட்சிப்பத்திரம் இன்னொன்று சொல்கிறது. பிறகு வாப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டும். வகுப்பாசிரியர்களாக இருக்கிற எமக்கு இது வருடம் தவறாத அனுபவம்.

"அப்போ ஊகிக்காத ஒலிப்பு முறையைப் பாவிக்கலாமே" என்று கேட்பீர்கள். அதுவும் இருக்கிறது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் ஒலிப்பு முறை கண்டிப்பான விதியோடு வேலை செய்யும். l என்றால் ல, L என்றால் ள, z என்றால் ழ. r என்றால் ர, R என்றால் ற. தெரிவு செய்யும் வேலை இல்லை. கண் தாளில் இருக்கலாம். போட்டி என்று வைத்தால் இந்த முறையை டைப்ரைட்டர் முறையோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். எனவே விரல் கணக்குக்கு வருவோம்.

கொமினிகேஷன் கடைகளில் வருடக்கணக்காக ஓடும் பாமினி முறையையே டைப்ரைட்டர் முறைக்கு உதாரணமாக எடுக்கிறோம். எம்மவர்கள் அதிகம் பழகியது அதுதான். நாலு சொல், இரண்டு முறையிலும்:

```
முகம்மது      Kfk;kJ       mukammathu
பாத்திமா       ghj;jpkh     paaththimaa
சம்மாந்துறை   rk;khe;Jiw   sammaanthuRai
காத்தான்குடி   fhj;jhd;Fb   kaaththaankuti
```

எண்ணிப் பாருங்கள். பாமினியில் 6, 8, 10, 10. மொத்தம் 34. ஒலிப்பு முறையில் 10, 11, 13, 14. மொத்தம் 48. ஷிஃப்ட் அழுத்துவதையும் ஒரு தட்டலாகக் கணக்கெடுத்தால் 38க்கு 49. ஒலிப்பில் aa என்பதற்குப் பதிலாகப் பெரிய A அடித்தால் குறையுமே என்று சிலர் சொல்வார்கள். அந்த A-க்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும், விரலுக்கு அது இலாபமில்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டைப்ரைட்டர் முறையில் மு, து, கு, டு போன்ற உகர எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. டி-க்கும் ஒரே தட்டு. ஒலிப்பு முறையில் த என்ற ஒற்றை எழுத்துக்கு t, h, a என்று மூன்று தட்டு. அதோடு a என்ற விசை இடது கைச் சின்ன விரலுக்குக் கீழே இருக்கிறது. ஆங்கிலக் கீபோர்ட் தமிழுக்காகச் செய்யப்பட்டதில்லை. காத்தான்குடி என்று ஒரு தடவை அடிக்க அந்தச் சின்ன விரல் நாலு தடவை இறங்குகிறது. பாத்திமாவுக்கும் நாலு தடவை. பாமினியில் நடு வரிசையிலேயே ய, ள, ன, க, ப, அரவு, த, ம, ட, குற்று என்று தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகள் இருக்கின்றன. பாத்திமாவில் இகர விசிறி ஒன்றைத் தவிர மற்ற ஏழு தட்டும் அந்த வரிசையை விட்டு எழும்பாமலே முடிகிறது.

எல்லாச் சொல்லிலும் இப்படி வராது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எண்ணிப் பார்த்துவிட்டு வந்து நிற்பீர்கள். முஸ்லிம் என்ற சொல்லுக்குப் பாமினியில் 7 தட்டு, ஒலிப்பில் 6. ரிஸ்வான் என்பதற்கு 8, ஒலிப்பில் 7. அப்துல் இரண்டிலும் 6. காரணம், டைப்ரைட்டர் முறையில் குற்றுக்கு ஒரு தட்டு செலவாகிறது. ஒலிப்பு முறையில் குற்று இலவசம், அகரத்துக்குத்தான் செலவு. அரபுப் பெயர்களில் குற்று நிறைய. அதோடு அந்தக் குற்று விசையும் வலது கைச் சின்ன விரலில்தான் இருக்கிறது. ஆகவே வெறும் தட்டல் எண்ணிக்கையில் டைப்ரைட்டர் முறைக்கு ஒரு நல்ல முன்னணி உண்டு, ஆனால் இரண்டு மடங்கு என்றெல்லாம் கடைக்காரர்கள் சொல்வது வெறும் கதை.

எமக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. தாளில் இருப்பது தமிழ் எழுத்து. டைப்ரைட்டர் முறை பழகியவளுக்கு றை என்ற வடிவத்தைக் கண்டதும் விரல் போகிறது. ஒலிப்பு முறையில் அந்த வடிவத்தை மனதுக்குள் ஆங்கில எழுத்தாக்கி, பிறகு அடித்து, அது திரும்பத் தமிழாக வர வேண்டும். சுயமாக எழுதும்போது இந்தச் சுற்று தெரிவதில்லை, ஏனென்றால் நமது மனதில் ஓடுவது சத்தம். பார்த்து எழுதும்போது தெரிகிறது. சத்தத்தில் வித்தியாசம் தெரியாத எழுத்துகளில்தான் சறுக்குகிறது. சம்மாந்துறையில் வல்லின றகரம். பேச்சில் அது ரை மாதிரித்தான் கேட்கும், விரல் சின்ன r-க்குப் போய்விடும். சம்மாந்துரை என்று விழும். கண் தாளில் இருப்பதால் அவள் கவனிக்கவும் மாட்டாள். ல, ள, ழ மூன்றிலும் இதே கதை. டைப்ரைட்டர் கீபோர்டில் ர வேறு இடம், ற வேறு இடம். அங்கும் பிழை விடலாம்தான், ஆனால் சத்தம் காலை வாரிவிடுவதில்லை.

இனி எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். டைப்ரைட்டர் முறை எமக்கும் ஒரு பாடம் படிப்பித்தது.

முதல் கட்டப் படிவங்கள் ஏறி முடிந்ததும், ஊரில் மௌலவிமார் எத்தனை பேர் என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். எக்செலில் தொழில் நிரலில் மௌலவி என்று தேடினோம். வந்தது மூன்று பேர். எமது ஒழுங்கையிலேயே மூன்று பேருக்கு மேல் இருக்கிறார்கள்! நிரலைக் கையால் உருட்டிப் பார்த்தால் மௌலவி, மௌலவி என்று நிறைய வரிகள். கண்ணுக்குத் தெரிகிறது, தேடலுக்கு அகப்படவில்லை. ஒரு மணித்தியாலம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது.

பழைய டைப்ரைட்டரில் ஔகாரத்துக்குத் தனி விசை தேவைப்படவில்லை. கொம்பு, ம, பிறகு ள என்று அடித்தால் கடதாசியில் மௌ மாதிரியே விழும். பாமினியிலும் nksytp என்றுதான் அடிப்பார்கள். கடதாசிக்கு அது போதும். ஆனால் யூனிகோடில் மௌ என்பது ம-வும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. மெ-க்குப் பின்னால் தனி ள போட்டால் அது மெளலவி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்பியூட்டருக்கு இரண்டு வெவ்வேறு சொல். கொமினிகேஷனில் பழகி வந்த பிள்ளைகள் அடித்ததெல்லாம் மெளலவி. ஒலிப்பு முறையில் பதிந்த ஒரே ஒரு பிள்ளையின் படிவங்கள்தான் தேடலில் வந்த அந்த மூன்றும். maulavi என்று அடித்தால் சரியான ஔகாரம் தானாக வந்துவிடும், பிழை விடவே வழியில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் வெற்றி, சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இதே வகையில் இன்னொரு பொறி ர். பழைய எழுத்தச்சில் அரவுக்கு மேலே குற்று வைத்தால் அது ர் மாதிரியே தெரியும். அதனால் mth; என்று அரவையும் குற்றையும் சேர்த்து அடிக்கும் பழக்கம் எம்மவர்களிடம் ஊறிப் போயிருக்கிறது. யூனிகோடுக்கு மாறிய பிறகும் விரல் அப்படியே போகிறது. அவர் என்று படிப்பது உள்ளே அவா் என்று கிடக்கும். ஜப்பார், அன்சார், நௌபர் என்று எமது பெயர்களில் பாதி ர்-இல் முடிகிறதே. நௌபருக்கு இரண்டு பொறியும் ஒன்றாக.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தமிழில் அரவுக்கு மேல் குற்று எந்தச் சொல்லிலும் வராது. எனவே அரவு, குற்று இரண்டையும் சேர்த்துத் தேடி, ர் என்று முழுக் கோப்பிலும் ஒரேயடியாக மாற்றிவிடலாம், ஒன்றும் கெடாது. மெள-வை மட்டும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. கொம்புக்குப் பின் ள வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் வெள்ளி, தெளிவு, வெளிநாடு எல்லாம் நாசமாகிவிடும். மௌலவி, நௌபர், நௌசாத், தௌபீக் என்று சொல்லுக்குச் சொல் எடுத்துத்தான் மாற்ற வேண்டும். நாம் அப்படித்தான் செய்தோம். இனி மேல் ஒவ்வொரு வியாழனும் கோப்பை மூடுவதற்கு முன் இந்தத் தேடலை ஒரு தடவை ஓட்டுவது என்று வைத்திருக்கிறோம். சில மென்பொருள்கள் அடிக்கும்போதே இதைத் திருத்திவிடும், சில திருத்தாது. உங்களது எது என்று அறிய மௌலவி என்று ஒரு தடவை அடித்து, பிறகு பின்னோக்கி அழிக்கும் விசையைத் தட்டித் தட்டிப் பாருங்கள். ம-வுக்குப் பக்கத்தில் வந்ததும் ள மட்டும் தனியாகக் கழன்று மெ மிஞ்சினால் உங்களிடமும் இந்த நோய் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். குழுவில் பலர் பாமினி என்றதும் எதிர்த்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். பாமினி என்பது ஒரு எழுத்துருவின் பெயராகவும் இருக்கிறது, விசை அமைப்பின் பெயராகவும் இருக்கிறது. எழுத்துருவைத் தரவுப் பதிவுக்குத் தொடவே கூடாது. அந்த எழுத்துருவில் பாத்திமா என்று தெரிவது உள்ளே ghj;jpkh என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் அப்படியே பல்லைக் காட்டும். அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில எழுத்து வரிசையில் ஒழுங்காகும். பாத்திமா முன்னுக்கு வந்து, பாத்திமாவுக்கும் முன்னால் வர வேண்டிய அன்சார் எங்கோ போய் நிற்பார்.

அதில் எமக்கு நேர்ந்த ஒரு கூத்து. ஏழெட்டு வருடத்துக்கு முன் யாரோ பாமினி எழுத்துருவில் தயாரித்த பழைய பட்டியல் ஒன்று கிடைத்தது. திரும்ப அடிக்காமல் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று எல்லா நிரலையும் ஒன்றாக மாற்றியில் போட்டோம். பெயர்கள் அழகாக வந்தன. அடையாள அட்டை இலக்கங்களைப் பார்த்தால் ஒன்பது இலக்கம், அதன் பின்னால் ஏ! பழைய அடையாள அட்டை இலக்கம் V என்ற எழுத்தில் முடியும். பாமினியில் V என்பது ஏ. X-இல் முடிந்தவர்களுக்கு ஓ வந்திருந்தது. மாற்றி பாவம், அதற்கு எது பெயர் எது இலக்கம் என்று எப்படித் தெரியும்? பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டைக்காரர்கள் மட்டும் தப்பினார்கள். பழைய கோப்பு கையில் இருப்பவர்கள் தமிழ் நிரலை மட்டும் வெட்டி எடுத்து மாற்றுங்கள், இலக்க நிரலைத் தொடாதீர்கள்.

ஆகவே எமது தீர்மானம், விரல் டைப்ரைட்டர் முறையில், எழுத்து யூனிகோடில். இதற்கு அரசாங்கத் தரமும் இருக்கிறது. இலங்கையில் தமிழ்க் கீபோர்டுக்கான தரம் எஸ்எல்எஸ் 1326. அது ரெங்கநாதன் அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. அந்த அமைப்பும் டைப்ரைட்டர் வழி வந்ததே. சிங்களத்துக்கு விஜேசேகர அமைப்பு எப்படியோ அப்படி. பாமினி பழகிய கை ரெங்கநாதனில் பெரும்பாலும் தடுமாறாது, சில எழுத்துகள்தான் இடம் மாறும். இந்தியாவில் 1999இல் வந்த தமிழ்99 அமைப்பைப் பற்றியும் ஒரு பிள்ளை கேட்டாள். அது நல்ல அமைப்பு. உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகக் குற்று விழும். அம்மாவுக்கு நாலே தட்டு. ஒன்றுமே பழகாத பிள்ளை தன் சொந்த மடிகணினியில் வேலை செய்வதாக இருந்தால் நாமே அதைச் சொல்லுவோம். ஆனால் நாளைக்கு அவள் ஒரு கந்தோரிலோ கொமினிகேஷனிலோ போய் உட்காரும் கதிரைக்கு முன்னால் அது இருக்காது.

ஒன்றரை மாதம் என்பது உண்மைதான், அதை மறைக்க விரும்பவில்லை. முதல் இரண்டு கிழமையும் டைப்ரைட்டர் முறைப் பிள்ளைகள் ஒலிப்பு முறைப் பிள்ளையைவிடப் பின்னால்தான் இருந்தார்கள். ஒருத்தி அழுதுவிட்டாள். ஒழுங்கை, குடும்பம், மனைவி, மகன், மகள் என்று படிவத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் ஒரு பட்டியலாக்கி, கீபோர்டில் ஒட்டும் ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு, காலையில் அரை மணித்தியாலம் அதையே அடிக்க விட்டோம். ஸ்டிக்கர் இருந்தால் கண் கீபோர்டுக்குப் போகும், அது திரைக்குப் போவதைவிட மோசம். நாலாவது கிழமைக்குப் பிறகு தாளிலிருந்து கண் எடுக்காமல் அடிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஒலிப்பு முறைப் பிள்ளையால் பிடிக்க முடியவில்லை.

அதற்காக எல்லோருக்கும் இதைத் திணிக்கச் சொல்லவில்லை. இரண்டு கிழமையில் முடியும் சின்ன வேலை என்றால் புதுக் கீபோர்ட் பழக்குவது மடத்தனம், பிள்ளை பழகுவதற்குள் வேலை முடிந்துவிடும். படிவத்தில் முக்கால்வாசி இலக்கமும் ஆங்கிலமும், தமிழ் ஒரு நிரல் மட்டும் என்றாலும் அப்படித்தான். அங்கே ஊகிக்காத ஒலிப்பு முறையே போதும். ர, ற மட்டும் பிறகு ஒருவர் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எமது பதிவேட்டில் இன்னும் பாதிக்கு மேல் படிவம் மிச்சம் கிடக்கிறது. அது முடிந்ததும் மையவாடிப் பதிவு, அதற்குப் பிறகு நிக்காஹ் பதிவின் பழைய கொப்பிகள். எல்லாம் தமிழ், எல்லாம் பெயர்.

அந்த ஒலிப்பு முறைப் பிள்ளையை என்ன செய்வது என்று நானா கேட்டிருந்தார். அவளை நாங்கள் மாறச் சொல்லவில்லை. அவள் இப்போது மற்ற மூன்று பேரும் ஏற்றியதைத் தாளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது, கூலியும் படிவக் கணக்கில் அல்ல, நாள் கணக்கில். மெளலவியை மௌலவியாக்கியதில் முக்கால்வாசி அவள் கைவேலைதான். சந்தேகம் இருப்பவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாசிகசாலைக்கு வாருங்கள். உங்கள் வீட்டுப் படிவத்தையே தருகிறோம், நீங்கள் போனில் அடிக்கும் முறையில் அடியுங்கள், பக்கத்தில் ஒரு பிள்ளை அவளது முறையில் அடிக்கட்டும். அடித்து முடித்ததும் தாளோடு ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துவிட்டுத்தான் நேரம் பார்ப்போம், அதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.